ஓர் எழுத்து தவறினால் வேறொருவர் வாசல்: பிழையான இணையப் பெயரைக் காசு கொடுத்து வாங்குவது இலாபமா?

மாணவர்களே, உங்கள் விசைப்பலகையைச் சற்றுப் பாருங்கள். l என்ற எழுத்துக்கு இடப்பக்கம் எந்த எழுத்து இருக்கிறது? k. அவசரமாக google.com என்று தட்டும்போது விரல் l, k இரண்டின் மீதும் பட்டுவிட்டால் திரையில் googkle.com என்று விழும்.

2005ஆம் ஆண்டில் இப்படி விரல் தவறியவர்களுக்குப் பெரிய தொல்லை காத்திருந்தது. googkle.com என்ற பெயரை ரஷ்யாவில் இருந்த ஒருவர் முன்னதாகவே பதிவு செய்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களின் கணினிக்குள் தீங்கு செய்யும் நிரல்கள் புகுந்தன. ghoogle.com, gfoogle.com, gooigle.com ஆகிய பெயர்களும் அவர் கையில்தான் இருந்தன. இவற்றில் கூடுதலாக நுழைந்துள்ள எழுத்தைக் கவனியுங்கள். h, f இரண்டும் g-யின் அண்டை வீட்டுக்காரர்கள். i என்பது o-வின் அண்டை வீட்டுக்காரர். விரல் எங்கே வழுக்கும் என்று கணக்குப் போட்டே இப்பெயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. கூகுள் நிறுவனம் அமெரிக்காவின் தேசிய நடுவர் மன்றத்தில் புகார் செய்து, அதே ஆண்டு ஜூலையில் நான்கு பெயர்களையும் பெற்றது.

இன்று gogle.com, gooogle.com போன்ற பிழையான பெயர்களும் கூகுளுக்கே சொந்தம். பிறர் கையில் சிக்காமல் இருக்கட்டும் என்று பிழைகளையே வாங்கி வைக்கும் வழக்கம் இது. கூகுள் செய்தது சரி. ஆனால் உங்கள் ஊர்க் கடைக்காரரும் அப்படிச் செய்ய வேண்டுமா? செலவிட்ட பணத்துக்குப் பலன் கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எத்தனை பிழைகள்?

ஓர் இணையத்தளத்தின் பெயரை டொமைன் பெயர் என்கிறோம். .com என்று முடியும் பெயரை யார் வேண்டுமானாலும் ஆண்டுக்குச் சுமார் 10 அமெரிக்க டாலர் செலுத்திப் பதிவு செய்யலாம். முதலில் கேட்டவருக்கே பெயர் கிடைக்கும். "இது இன்னொரு நிறுவனத்தின் பெயர் போலிருக்கிறதே" என்று பதிவின்போது யாரும் தடுப்பதில்லை. பதுக்கல்காரர்களுக்கு வசதியாக இருப்பது இதுதான்.

google என்ற ஆறு எழுத்துப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு தவறு மட்டும் நேர்கிறது என்று வைத்துக்கொண்டால் அது நான்கு வகையில் நேரலாம்.

முதலாவது, ஓர் எழுத்து விடுபடுவது. நடுவில் உள்ள இரண்டு o-க்களில் எது விடுபட்டாலும் gogle என்றே வரும். ஆகவே ஆறுக்குப் பதிலாக 5 பிழைகளே கிடைக்கும். இரண்டாவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது. googel என்பது ஓர் எடுத்துக்காட்டு. இவ்வகையில் 4 பிழைகள். மூன்றாவது, ஓர் எழுத்துக்குப் பதில் வேறொன்று விழுவது. ஆறு இடங்களிலும் மற்ற 25 எழுத்துகளில் ஏதாவது ஒன்று வரலாம் என்பதால் 6 × 25 = 150. நான்காவது, googkle போல ஓர் எழுத்து கூடுதலாக நுழைவது. திரும்பத் திரும்ப வருபவற்றைக் கழித்துவிட்டால் 176.

எல்லாவற்றையும் கூட்டினால் 335. இது .com என்ற ஒரே முடிவுக்கு மட்டும். பெயர் நீளமானால் எண்ணிக்கை இன்னும் ஏறும். .net, .org, .my, .sg என்று முடிவுகள் மாறும்போது, ஒவ்வொன்றுக்கும் இதே 335 மீண்டும் வரும். சிங்கப்பூருக்குத் தமிழ் எழுத்திலேயே .சிங்கப்பூர் என்ற முடிவும் இருக்கிறது. உலகில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. எல்லாப் பிழைகளையும் வாங்கிப் பூட்டி வைப்பது யாராலும் இயலாத காரியம். ஆகவே, எவற்றை வாங்குவது, எவற்றை விட்டுவிடுவது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

வழி தவறியவர் எங்கே போகிறார்?

பிழையான பெயரைப் பதுக்கி வைத்திருப்பவர் எப்படிப் பணம் சம்பாதிக்கிறார்? googkle.com போன்று நச்சு நிரல் பரப்பியவர்கள் சிலரே. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகழ்பெற்ற 3,264 தளங்களைக் குறிவைத்துக் குறைந்தது 938,000 பிழைப் பெயர்கள் பதிவாகியிருப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் சுமார் 80 விழுக்காடு வெறும் விளம்பரப் பக்கங்கள். வழி தவறி வந்தவர் ஒரு விளம்பரத்தைச் சொடுக்கினால் பதுக்கல்காரருக்குச் சில காசு கிடைக்கும். அவ்வளவுதான்.

அப்படியானால் உண்மையான தளத்துக்கு எவ்வளவு நட்டம்? பலரும் நினைப்பதைவிடக் குறைவு. 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதை நேரடியாக அளந்தது. பிழையான பெயரை யாரும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், "இந்தத் தளம் கிடைக்கவில்லை" என்று உலாவி சொல்லும். தட்டியவர் தம் பிழையைக் கண்டு திருத்திக்கொள்வார். அதே பெயர் பதுக்கல்காரர் கையில் இருந்தால், பிழையாகத் தட்டியவர்களில் கூடுதலாகச் சுமார் 5 விழுக்காட்டினர் மட்டுமே உண்மையான தளத்துக்கு வந்து சேராமல் போகிறார்கள். திருத்திக்கொண்டு வருபவருக்குச் சராசரியாக 1.3 வினாடி வீணாகிறது.

இந்த 5 விழுக்காட்டை ஒரு கடையின் கணக்கில் பொருத்திப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான். ஆனால் கணக்குப் போடும் முறை உண்மையானது.

ஒரு பலகாரக் கடையின் முகவரியை மாதம் 2,000 பேர் கையால் தட்டி வருகிறார்கள் என்று கொள்வோம். நூற்றில் ஒருவர் பிழை செய்தால் மாதம் 20 பேர், ஆண்டுக்கு 240 பேர். எல்லாப் பிழைப் பெயர்களும் பதுக்கல்காரர்களிடமே இருந்தாலும், கடை இழப்பது அந்த 240 பேரில் 5 விழுக்காடு, அதாவது 12 பேர். நால்வரில் ஒருவர் பொருள் வாங்குவார், ஒரு விற்பனையில் 10 ரிங்கிட் இலாபம் என்றால், ஓராண்டு இழப்பு 30 ரிங்கிட். ஒரு பெயரைப் பதிவு செய்ய, விற்பனையாளரின் கட்டணமும் சேர்த்து, ஆண்டுக்கு 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பிழைப் பெயரை வாங்கினாலும் கடைக்கு இலாபமில்லை!

இப்போது ஆயிரம் மடங்கு பெரிய நிறுவனத்தைப் பாருங்கள். இழப்பு 30,000 ரிங்கிட் ஆகிவிடும். அதன் பெயர் ஆறு எழுத்தாக இருந்தால், .com முடிவில் உள்ள 335 பிழைகளையும் வாங்க 20,100 ரிங்கிட் போதும். அந்நிறுவனத்துக்கு வாங்குவதே இலாபம். கூகுளுக்குப் பொருந்தும் அறிவுரை கடைக்காரருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். பிழைகளின் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றுதான். அப்பிழைகளில் விழுகிற ஆட்களின் எண்ணிக்கைதான் வேறு.

மின்னஞ்சல் திரும்பி வராது

ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒன்றை விட்டுவிட்டோம். இணையத்தளத்தைத் தவறாகத் திறந்தவர் தவறைக் கண்ணால் பார்க்கிறார். மின்னஞ்சலைத் தவறான முகவரிக்கு அனுப்பியவர் எதையும் பார்ப்பதில்லை. முகவரி யாருக்கும் சொந்தமில்லை என்றால், "சேர்க்க முடியவில்லை" என்ற அறிவிப்பு அவருக்கே திரும்பி வரும். பதுக்கல்காரர் அந்தப் பெயரை வாங்கி, வரும் அஞ்சலையெல்லாம் ஏற்கும்படி அமைத்திருந்தால் அறிவிப்பு வராது. அஞ்சல் அமைதியாக அவர் பெட்டியில் போய் விழும்.

2011இல் கோடாய் குழுமம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பெரிய நிறுவனங்களின் கிளை முகவரிகளில் ஒரு புள்ளி இருக்கும். எடுத்துக்காட்டாக, se.ibm.com. அந்தப் புள்ளியைத் தட்ட மறந்தால் seibm.com ஆகிவிடும். இப்படிப் புள்ளி விடுபட்ட 30 பெயர்களைப் பதிவு செய்துவிட்டு அவர்கள் சும்மா காத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் 120,000 மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. மொத்த அளவு 20 கிகாபைட். கடவுச்சொற்களும் வணிக இரகசியங்களும் அவற்றில் இருந்தன. யாரையும் ஏமாற்றவில்லை, எந்தக் கணினிக்குள்ளும் புகவில்லை. பிறர் விட்ட புள்ளி அவர்களிடம் அஞ்சலைக் கொண்டு வந்து சேர்த்தது.

ஆகவே, பிழைப் பெயரை வாங்கலாமா என்று முடிவு செய்யும்போது, "எத்தனை வாடிக்கையாளர் வழி தவறுவார்?" என்ற கேள்வி மட்டும் போதாது. "அந்த முகவரிக்கு என்னென்ன கடிதங்கள் தவறிப் போகும்?" என்றும் கேட்க வேண்டும். முறுக்குக்கான ஆர்டர் தவறிப் போனால் சிறு நட்டம். மருத்துவ அறிக்கையோ சம்பளப் பட்டியலோ தவறிப் போனால் அதற்கு விலை மதிப்பிடுவதே கடினம். சிறிய மருந்தகத்துக்கோ கணக்காய்வாளர் அலுவலகத்துக்கோ இரண்டு மூன்று பிழைப் பெயர்கள் அவசியமாகலாம். அதே அளவு பலகாரக் கடைக்கு அவை வீண் செலவாகலாம்.

150 ஆண்டுக் கணக்கு

பெயர் ஏற்கெனவே பிறர் கையில் போய்விட்டால் என்ன செய்வது? .com போன்ற முடிவுகளுக்கு 1999 முதல் ஒரு பொதுவான தீர்வு முறை நடைமுறையில் உள்ளது. புகார் செய்பவர் மூன்றைக் காட்ட வேண்டும். அந்தப் பெயர் தம் வணிகக் குறியோடு குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை. தீய நோக்கத்தோடுதான் அது பதிவு செய்யப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் புகார் தோற்றுவிடும். .my என்று முடியும் பெயர்களுக்கு இதே போன்ற முறை கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தில் நடைபெறுகிறது.

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் .com பெயருக்காகப் புகார் செய்ய, ஒரே நடுவர் விசாரிக்கும் வழக்குக்குக் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். வழக்கறிஞர் செலவு தனி. வென்றாலும் பெயர்தான் கைக்கு வரும், கட்டணம் திரும்பி வராது.

1,500 டாலரை 10 டாலரால் வகுத்துப் பாருங்கள். 150. ஒரு முறை சண்டை போடும் காசில் அதே பெயரை 150 ஆண்டுகள் கையில் வைத்திருக்கலாம். இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட பிழைப் பெயருக்காக நீங்கள் சண்டைக்குப் போக வேண்டிய வாய்ப்பு ஆண்டுக்கு 150இல் ஒன்றைவிட அதிகம் என்று தோன்றினால் முன்கூட்டியே வாங்குங்கள். குறைவு என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பெயர் யாரிடம் போனாலும் கவலையில்லை, சண்டையே போட மாட்டோம் என்றால், அதை வாங்கவும் தேவையில்லை.

கை தவறும், காது தவறும்

எந்தப் பெயருக்கு அந்த வாய்ப்பு அதிகம்? இங்கே பிழைகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். ஒன்று கையின் தவறு. விரல் வழுக்கியவர் அடுத்த முறை சரியாகத் தட்டிவிடுவார். அவருடைய பிழையும் நூற்றுக்கணக்கான பெயர்களில் சிதறிப் போகும். மற்றொன்று காதின் தவறு. பெயரைக் கேட்டவர் அதன் எழுத்துக் கூட்டல் இதுதான் என்று நம்பித் தட்டுகிறார். அவர் ஒவ்வொரு முறையும் அதே தவறான இடத்துக்குத்தான் போவார். அவரைப் போலவே நினைக்கும் நூறு பேரும் அங்கேயே போவார்கள்.

தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும் நமக்கு இந்த இரண்டாவது தவறு நன்றாகத் தெரியும். லெட்சுமி என்ற பெயர் மலேசிய அடையாள அட்டைகளில் Letchumi என்றும் Letchimi என்றும் இருக்கும். இந்தியாவில் Lakshmi, சில இடங்களில் Laxmi. பலகாரம் என்ற சொல்லை palagaram, palakaram, palaharam என்று மூன்று விதமாக எழுதலாம். ஒரு கற்பனைக் கடையின் பெயர் 'லெட்சுமி பலகாரம்' என்றால் 4 × 3 = 12 எழுத்துக் கூட்டல்கள். .com.my, .my, .com என்ற மூன்று முடிவுகளோடு பெருக்கினால் 36. கடை பயன்படுத்தும் ஒன்று போக மீதம் 35. ஆண்டுக்கு 2,100 ரிங்கிட். சிறு கடைக்கு இது அதிகம்.

எனவே வடிகட்ட வேண்டும். கடையின் முகவரி .com.my என்று முடிகிறது என்போம். அம்முடிவு மலேசியாவில் பதிவுபெற்ற வணிகங்களுக்கு உரியது. ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால் வெளியூர்ப் பதுக்கல்காரர் எளிதில் நுழைய முடியாது. .com அப்படியல்ல, யாருக்கும் திறந்த வீடு. அதோடு, .my என்பதைத் தட்ட மறந்தவர் நேராக .com-இல்தான் போய் நிற்பார். ஆகவே முதலில் வாங்க வேண்டியது கடையின் சரியான பெயரையே, .com முடிவிலும் .my முடிவிலும். பிறகு, வாடிக்கையாளர்கள் அதிகமாக எழுதும் இரண்டு எழுத்துக் கூட்டல்களை .com முடிவில் வாங்கலாம். அவை எவை என்று ஊகிக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் கடைப் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். கூகுள் தேடலில் மக்கள் என்ன தட்டிக் கடைக்கு வந்தார்கள் என்பதைத் தள உரிமையாளருக்குக் காட்டும் இலவசச் சேவையும் உண்டு. மொத்தம் நான்கு பெயர்கள், 240 ரிங்கிட்.

வாங்கிய பிறகு இரண்டு வேலைகள் உண்டு. அந்தப் பெயரைத் தட்டியவர் தானாக உண்மையான தளத்துக்குத் திருப்பிவிடப்பட வேண்டும். அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலை ஏற்க மாட்டோம் என்று அமைத்துவிடவும் வேண்டும். அப்போதுதான் அனுப்பியவருக்கு உடனே அறிவிப்புப் போய், அவர் முகவரியைத் திருத்திக்கொள்வார். ஒன்றை மறக்கக் கூடாது. இது ஒரு முறை செலவு அல்ல. புதுப்பிக்கத் தவறினால் பெயர் மீண்டும் சந்தைக்குப் போகும். அதற்குள் உங்கள் வாடிக்கையாளர்கள் அந்தப் பெயருக்குப் பழகியிருப்பார்கள். அவர்களும் புதிய உரிமையாளரிடம் போய்விடுவார்கள்.

பூட்டால் தடுக்க முடியாத கதவு

இவ்வளவு செய்தும் மோசடிக்காரர்களைத் தடுத்துவிட முடியுமா? முழுமையாக முடியாது. பிறர் விரல் வழுக்கும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. குறுஞ்செய்தியில் இணைப்பை அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். அந்த இணைப்பில் நிறுவனத்தின் பெயர் பிழையில்லாமல் இருக்கும். அதோடு login, promo, secure போன்ற ஒரு சொல் ஒட்டியிருக்கும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வாறு சொல் ஒட்டிய பெயர்கள் எழுத்துப்பிழைப் பெயர்களைவிட நூறு மடங்கு அதிகம் என்று கண்டது. எழுத்துப்பிழைகளையாவது எண்ணிவிடலாம். ஒட்டக்கூடிய சொற்களுக்கு எல்லையே இல்லை. இங்கே வாங்கிக் குவிப்பது பயன் தராது. தம் பெயர் அடங்கிய புதிய டொமைன் ஏதேனும் பதிவாகிறதா என்று கண்காணித்து, மோசடி தெரிந்தால் உடனே புகார் செய்வதுதான் வழி.

உங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இணைப்பைப் பார்க்கும்போது நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி முழுவதையும் வலமிருந்து இடமாகப் படியுங்கள். .com அல்லது .com.my-க்கு இடப்பக்கத்தில், அடுத்த புள்ளி வரை உள்ள முழுச் சொல்லே உரிமையாளரைக் காட்டும். அதில் கூடுதலாக ஒரு சொல் ஒட்டியிருந்தால் அது வேறொருவரின் வீடு.

நாளை நீங்களே ஒரு சங்கத்துக்கோ சிறு வணிகத்துக்கோ பெயர் வைக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயரை வாயால் மட்டும் சொல்லி, பத்து நண்பர்களை அதன் முகவரியைத் தட்டச் சொல்லுங்கள். பத்துப் பேரும் ஒரே மாதிரி தட்டினால், பிழைப் பெயர்களுக்காக நீங்கள் செலவிட வேண்டியது மிகக் குறைவு. நான்கு விதமாகத் தட்டினால், அந்த நான்குக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். அல்லது பதிவு செய்வதற்கு முன்பே, ஒரு காசும் செலவில்லாமல், வேறு பெயர் யோசிக்கலாம்.